ரசீதை ‘ரத்து’ செய்வதா, ‘எதிர்ப்பதிவு’ போடுவதா?

நிரலாளர், கோவை

வணக்கம். பள்ளிக் கட்டண வசூல் செயலி ஒன்றைத் தமிழில் வடிவமைக்கிறோம். போட்ட ரசீதைச் செல்லாததாக்கும் பொத்தானுக்கு ஒரு சொல் வேண்டும். ‘நீக்கு’ ஒத்துவராது. 1186க்கு அடுத்து 1188 வந்தால், 1187 எங்கே என்றுதான் தணிக்கையாளர் முதலில் கேட்பார். எனவே பழைய வரி அப்படியே இருக்கும், அதே தொகையைக் கழித்து இன்னொரு வரி சேரும். இதை ‘எதிர்ப்பதிவு’ எனலாமா?

வணிகவியல் ஆசிரியர், திருச்சி

வேண்டாம். ரொக்கத்தை வங்கியில் கட்டும்போது ரொக்கம், வங்கி இரண்டு பத்தியிலும் எழுதுகிறோமே, அதற்குத்தான் பாடநூலில் எதிர்ப்பதிவு என்று பெயர். உங்கள் செயலியிலும் மாலையில் கவுண்டர் பணம் வங்கிக்குப் போகும். ஒரே திரையில் ஒரே சொல் இரண்டு வேலை செய்யும். ‘மறுதலைப் பதிவு’ என்று வையுங்கள்.

தமிழார்வலர், தஞ்சை

பணத்தைத் திருப்பித் தருவதுதானே? எங்கள் பேரனைப் பாதி ஆண்டில் வேறு பள்ளிக்கு மாற்றியபோது மீதியைக் கொடுத்தார்கள். ‘மீளளிப்பு’ அழகான சொல். ‘ரத்து’ நம் சொல்லே அல்ல.

பள்ளிக் கணக்கு அலுவலர், மதுரை

ஐயா, அது வேறு. மூன்று சங்கதி இங்கே கலந்து கிடக்கிறது. பிரித்தால்தான் சொல் கிடைக்கும்.

6ஆம் வகுப்பு ‘அ’ பிரிவுப் பிள்ளைக்கு ரூ.8,500 ரொக்கம் கட்டுகிறார்கள். அதே பெயரில் ‘ஆ’ பிரிவில் இருக்கும் பிள்ளையின் கணக்கில் 1187 விழுந்துவிடுகிறது. பணம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, பெயர்தான் தவறு. 1187ஐ ரத்து செய்து, சரியான பெயரில் 1188 போட வேண்டும். இரண்டும் அன்றே நடந்தால் மாலையில் பெட்டியை எண்ணும்போது கணக்கு நேராகும். ரத்தை மட்டும் செய்துவிட்டு 1188ஐ மறந்தால் பெட்டியில் ரூ.8,500 கூடுதலாக நிற்கும். அதுவே அடையாளம்.

செக் திரும்பி வருவது அப்படியல்ல. ரசீது சரியாகத்தான் போட்டிருக்கிறோம், பணம்தான் வரவில்லை. திரும்பிய தேதியில்தான் பதிவு விழ வேண்டும். ரசீதின் தேதியில் போட்டால், முடித்துவைத்த பழைய நாளின் வசூல் தொகை மாறிவிடும். வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் தனி வரி.

ஐயா சொன்ன மீளளிப்பில் பணம் வெளியே போகிறது. அதற்குச் செலவுச் சீட்டு உண்டு. பழைய ரசீதைத் தொடவே கூடாது.

பொத்தான் யார் கையில் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ரொக்கம் வாங்கி, ரசீது கொடுத்து, பெற்றோர் வாசலைத் தாண்டியதும் அதை ரத்து செய்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்வதுதான் கவுண்டரில் நடக்கக்கூடிய மிக எளிய திருட்டு. காசாளர் கோரிக்கை மட்டும் வைக்கட்டும். ஒப்புதல் கணக்கு அலுவலரிடமோ தாளாளரிடமோ இருக்கட்டும். ரத்தானதும் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி தானாகப் போக வேண்டும், அதை அணைக்கும் வசதி யாருக்கும் வேண்டாம்.

நிரலாளர், கோவை

நன்றி அம்மா. கோரியவரும் ஒப்புபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதைத் திரையில் மட்டும் தடுத்தால் போதாது, தரவுத்தளத்திலேயே வைக்கிறோம்:

```sql
CHECK (approved_by <> requested_by)
```

குறுஞ்செய்தி என்றதும் சொல்லின் நீளமும் கணக்கில் வருகிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். ‘ரத்து’ 5, ‘எதிர்ப்பதிவு’ 12. 70ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. வாசகத்தை முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால், பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி பதிய வேண்டியிருக்கும்.

வணிகவியல் ஆசிரியர், திருச்சி

அப்படியானால் பொத்தானுக்கு ‘ரசீது ரத்து’, பேரேட்டுக்கு ‘மறுதலைப் பதிவு’. பெற்றோருக்குப் பேரேடு தேவையில்லை.

தமிழார்வலர், தஞ்சை

மறுதலை என்றால் எனக்கு வடிவியல் தேற்றம்தான் நினைவுக்கு வருகிறது. ‘கழிப்பதிவு’ என்று பாருங்களேன்.

பள்ளிக் கணக்கு அலுவலர், மதுரை

கழிவு என்றால் கட்டணத் தள்ளுபடி என்று எங்கள் காசாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். பேரேட்டுச் சொல் எதுவானாலும் சரி, செக் திரும்பியவருக்கு ‘ரசீது ரத்து’ என்று அனுப்பாதீர்கள். பள்ளிதான் ஏதோ செய்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். ‘செக் திரும்பியது, பாக்கி ரூ.8500’ என்றே போகட்டும். இன்னொன்று: செக் கொடுத்து, பணம் வங்கியில் சேரும்வரை உள்ள நாட்களில் பாக்கி நினைவூட்டல் போகக் கூடாது. பாக்கியைப் பூச்சியமாகவும் காட்டக் கூடாது. அந்த இடைநிலைக்கு உங்கள் பட்டியலில் சொல்லே இல்லையே?

நிரலாளர், கோவை

இல்லை. இப்போதைக்கு ‘வசூலில்’ என்று வைத்திருக்கிறோம். கட்டண வசூல் என்ற சொல்லோடு மோதுகிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.