புதுப்பிப்பு: மூன்று பேரோடு பேசிக்கொண்டிருந்த விஷயம்

இங்கே முன்பு நான் கேட்டு, சிலர் பதில் எழுதிய கேள்வி: "டேட்டிங் ஆப்பில் மூன்று பேரோடு பேசுகிறேன். இதை அவர்களிடம் எப்போது சொல்வது, எப்போது ஒருவரோடு நிறுத்திக்கொள்வது?"

முதல் 'ஹாய்' போடும்போதே சொல்லிவிடு என்றவர் பாதிதான் சரி, வெறும் சாட்டிங்கில் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டாவது சந்திப்புக்கு நாள் குறிக்கும்போது சொல் என்று இன்னொருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. "வேறு சிலரோடும் பேசுகிறேன், யாரோடும் எதுவும் முடிவாகவில்லை, உறுத்தினால் சொல்லுங்கள்" என்று மூவருக்கும் அனுப்பினேன், மற்றவர்களைப் பற்றிய விவரமோ ஒப்பீடோ இல்லாமல். ஒருவர் "நானும் அப்படித்தான்" என்று சிரித்தார். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் விலகிக்கொண்டார், அது அவர் உரிமை.

(முன்னாள் காதலர் ஏமாற்றிய கதையை எழுதியவருக்கு: அந்தக் காதலர் மறைத்தார், நான் சொல்லிவிட்டேன், இரண்டும் ஒன்றல்ல.)

அப்புறம், மீதி இருவரில் ஒருவருக்குப் பதில் போடுவது கணக்கு முடிப்பது போலாகிவிட்டது, வேலையில் ஏதாவது நடந்தால் உடனே சொல்லத் தோன்றியதோ மற்றவரிடம்தான். எனவே முன்னவரிடம், சத்தமில்லாமல் மறைந்துபோகாமல், "இன்னொருவரோடு தொடர நினைக்கிறேன், பேசியது பிடித்திருந்தது" என்று எழுதி முடித்தேன்.

மற்றவரிடம் "நான் இனி உங்களோடு மட்டும்தான், நீங்கள்?" என்று கேட்டிருக்கிறேன். யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார். ஆப்பை நான் அழித்துவிட்டேன், அவர் இன்னும் இல்லை.