எண் போலத் தெரிந்து எண்ணாக இல்லாதது: இதற்கு என்ன சொல்?

அனுப்பியவர்: செம்பனைக் குழுவின் கணக்கர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சிறுதோட்டக்காரர் குழுவுக்கு விரிதாள் கற்றுக்கொடுக்கத் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். ஓர் இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

நடந்தது இது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளின் எடையை ஆலை தன் இணையப் பக்கத்தில் போடுகிறது. அதை அப்படியே நகலெடுத்து எங்கள் தாளில் ஒட்டுவேன். சென்ற வாரம் ஆறு லாரிகள் போயின. கிலோ கணக்கில் 3420, 2980, 11150, 9870, 4260, 3105. தாளின் அடியில் கூட்டல் 21935 என்று காட்டியது. ஆலை 34785 கிலோவுக்குப் பணம் போட்டிருந்தது. ஆலை தவறிப்போய் அதிகம் கொடுத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆலையின் கணக்கே சரி.

அதிக எடை மேலே வரும்படி வரிசைப்படுத்தினேன். 9870, 2980, 11150, 4260 என்று வந்தது. 2980 எப்படி 11150-க்கு மேலே ஏறியது?

எண் வடிவில் இருந்தும் கணினி எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும் இந்த மதிப்பைக் கையேட்டில் ‘எழுத்தெண்’ என்று எழுதலாமா?

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, ‘எழுத்தெண்’ நல்ல சொல்தான். காசோலையில் தொகையை இலக்கத்தில் எழுதிவிட்டு, ‘ரிங்கிட் இரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும்’ என்று எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா? அதற்குப் பொருத்தம். ஆனால் எடைக் கணக்கை ஏன் எழுத்தால் எழுதினீர்கள்? இலக்கத்தில் எழுதினால் கூட்டல் தானாகச் சரியாகிவிடுமே.

அனுப்பியவர்: மென்பொருள் பணியாளர், ஈப்போ

ஐயா, அக்கா எழுதியது இலக்கத்தில்தான். உங்களைப் போன்ற ஒருவரே இப்படிப் புரிந்துகொண்டால், கையேட்டைப் படிப்பவரும் இப்படித்தான் புரிந்துகொள்வார். ஆகவே ‘எழுத்தெண்’ வேண்டாம் என்பது என் முதல் கருத்து.

அக்கா, சொல்லுக்குப் போகுமுன் நோயைப் பார்ப்போம். 34785-இல் 21935 போக மீதி 12850. அது 2980, 9870 இரண்டின் கூட்டுத்தொகை. அந்த இரண்டு கட்டங்களும் எழுத்தாக இருக்கின்றன. `SUM` ஒரு வீச்சைக் கூட்டும்போது எழுத்தாக உள்ள கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. எக்செல் இறங்குவரிசையில் அடுக்கும்போது எழுத்துகளை மேலேயும் எண்களைக் கீழேயும் வைக்கிறது. அதனால்தான் 2980 மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

எத்தனை கட்டங்கள் இப்படி என்று அறிய ஒரு வரி போதும்:

```
=COUNTA(D2:D7)-COUNT(D2:D7)
```

முதலாவது காலியாக இல்லாத கட்டங்களை எண்ணுகிறது. இரண்டாவது உண்மையான எண்களை மட்டும் எண்ணுகிறது. விடை 0 இல்லையென்றால் ஏதோ ஒளிந்திருக்கிறது.

என் பரிந்துரை ‘உரையெண்’. மென்பொருளில் எழுத்து வகைத் தரவை ஏற்கெனவே ‘உரை’ என்கிறோம்.

அனுப்பியவர்: பழைய கிராணி

தம்பி, இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து வடிவமைப்பை Number என்று மாற்றிவிட்டால் போதும். எழுத்தாக இருப்பது இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் நிற்கும். மூலையில் பச்சை முக்கோணமும் வரும். கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சொல்லைப் பற்றி ஒன்று. நான் தோட்டத்தில் செக்ரோல் எழுதிய காலத்தில், தண்டல் சொன்ன எடையை முதலில் பென்சிலில் குறித்துக்கொள்வேன். மையில் எழுதும்வரை அது கூட்டலில் சேராது. பார்வைக்கு அதுவும் எண்தான், கணக்கில் மட்டும் இல்லை. ‘பென்சில் எண்’ என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் உடனே விளங்கும்.

அனுப்பியவர்: செம்பனைக் குழுவின் கணக்கர்

ஐயா சொன்னபடி Number என்று மாற்றினேன். கூட்டல் அதே 21935. தம்பியின் சூத்திரம் 2 என்று காட்டுகிறது. பச்சை முக்கோணம் எதிலும் இல்லை. இடப்பக்கம், வலப்பக்கம் வித்தியாசமும் தெரியவில்லை, ஏனென்றால் தாள் அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நான்தான் நடுவில் நிறுத்தியிருக்கிறேன்.

அனுப்பியவர்: மென்பொருள் பணியாளர், ஈப்போ

கிராணி ஐயா சொன்னதில் பாதி சரி. யாரும் கைவைக்காத தாளில் இடப்பக்கம் ஒட்டி நிற்பது நல்ல அடையாளம். நடுவில் நிறுத்திய அன்றே அந்த அடையாளம் போய்விட்டது. வடிவமைப்பை மாற்றுவது கட்டத்தின் சட்டையை மாற்றுவது போன்றது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். வெறும் இலக்கங்கள் மட்டும் எழுத்தாகக் கிடந்தால், மாற்றிய பின் ஒவ்வொரு கட்டத்திலும் F2, Enter அழுத்தினால் எண்ணாகிவிடும். பச்சை முக்கோணம் வந்தால் அதன் பட்டியலில் Convert to Number இருக்கும், அது இன்னும் எளிது.

முக்கோணமே வராததுதான் இங்கே துப்பு. எக்செல் அதை எண்ணாகப் படிக்கவே முடியவில்லை என்று பொருள். அக்கா, 2980 உள்ள கட்டம் D3 என்றால் இவற்றைப் போட்டுப் பாருங்கள்:

```
=LEN(D3)
=CODE(RIGHT(D3,1))
```

அனுப்பியவர்: செம்பனைக் குழுவின் கணக்கர்

முதலாவது 5. இரண்டாவது 160. நான்கு இலக்கத்துக்கு ஐந்து எப்படி?

அனுப்பியவர்: மென்பொருள் பணியாளர், ஈப்போ

ஐந்தாவது ஓர் இடைவெளி. நாம் விசைப்பலகையில் தட்டும் இடைவெளியின் எண் 32. இது 160. இணையப் பக்கங்களில் வரி உடையாமலிருக்கவும் கட்டத்தின் அகலத்தை நிறுத்தவும் பயன்படுத்தும் இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இடைவெளி நீக்கும் `TRIM` 32-ஐத்தான் நீக்கும், 160-ஐத் தொடாது. அதனால்தான் பலர் `TRIM` போட்டும் சரியாகவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(D2,CHAR(160),""))
```

பிறகு அந்த விடைகளை நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் பழைய இடத்தில் ஒட்டுங்கள். மேக் கணினி என்றால் `CHAR(160)` வேறு குறியைத் தரக்கூடும், அங்கே `UNICHAR(160)` என்று எழுதுங்கள்.

அனுப்பியவர்: செம்பனைக் குழுவின் கணக்கர்

34785! வரிசையும் சரியாகிவிட்டது, 11150 முதலில் நிற்கிறது. எடைச்சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு லாரிகள் மட்டும் ஆலையின் இரண்டாவது எடைமேடையில் நிறுக்கப்பட்டவை. அந்த மேடையிலிருந்து வரும் பதிவில்தான் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருகிறது போலும். இனி அந்த மேடைச் சீட்டு என்றாலே சோதித்துவிடுவேன்.

அனுப்பியவர்: கால்பந்துக் குழுச் செயலாளர்

இதே தொல்லையில்தான் நானும் இருக்கிறேன், ஆனால் தலைகீழாக. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டிக்குப் பிள்ளைகளின் அடையாள அட்டை எண்களை அனுப்பினேன். பாதிப் பிள்ளைகளுக்கு எண் தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்த்தால் பன்னிரண்டு இலக்கத்துக்குப் பதினொன்றுதான் இருக்கிறது. 2008-இல் பிறந்தவனுக்கு 08 என்று தொடங்க வேண்டும், வெறும் 8 நிற்கிறது. தம்பியின் `VALUE` சூத்திரம் போட்டால் சரியாகுமா?

அனுப்பியவர்: மென்பொருள் பணியாளர், ஈப்போ

அண்ணா, அதைப் போடாதீர்கள்! உங்கள் தாளில் எழுத்தாக இருக்க வேண்டியது எண்ணாகிவிட்டது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று எக்செல் அதைக் கழற்றிப் போட்டுவிட்டது. கோட்டுடன் பிரித்து எழுதிய பிள்ளைகளுடையது தப்பித்திருக்கும். மற்றவர்களுடையதை மட்டும் இப்படி மீட்கலாம்:

```
=TEXT(B2,"000000000000")
```

அடுத்த முறை கோப்பை இறக்கும்போதே அந்த நெடுவரிசையை Text என்று குறித்துவிடுங்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கூட்டிப் பார்த்தால் பொருள் உண்டா? இரண்டு லாரியின் எடையைக் கூட்டலாம். இரண்டு பையன்களின் அடையாள எண்ணைக் கூட்டி என்ன செய்வது?

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். இப்போது விளங்குகிறது. விளங்கியபின் ‘உரையெண்’ எனக்கு இன்னும் உறுத்துகிறது. தமிழ் படித்தவனுக்கு உரை என்றால் பரிமேலழகர்தான் நினைவுக்கு வருவார். உரையெண் என்றால் உரையாசிரியர் போட்ட பாட்டு எண் என்றுதான் தோன்றும்.

‘எண்போலி’ என்று சொல்லலாமா என்று நினைத்தேன். நானே அதைத் தள்ளிவிட்டேன். இலக்கணத்தில் போலி என்றால் பொருள் மாறாது. பந்தல் என்றாலும் பந்தர் என்றாலும் நிழல் ஒன்றுதான். உங்கள் 2980-இல் உருவம் மாறவில்லை, மதிப்புத்தான் போய்விட்டது. இலக்கணம் சொல்லும் போலிக்கு நேர் எதிர்.

கால்பந்துத் தம்பியின் வழக்கு வேறு. அடையாள அட்டையில் இருப்பதை ‘எண்’ என்று நாம் பேர் வைத்ததுதான் கோளாறு. அது இலக்கங்களைக் கோத்த சரம். ‘இலக்கச்சரம்’ என்று சொல்லிவிட்டால் அதை யாரும் கூட்டப் போகமாட்டார்கள்.

அனுப்பியவர்: மென்பொருள் பணியாளர், ஈப்போ

‘இலக்கச்சரம்’ எனக்குச் சம்மதம், ஐயா. நிரல் எழுதுவோர் ஏற்கெனவே ‘சரம்’ என்ற சொல்லைப் புழங்குகிறார்கள். ஆனால் ‘உரையெண்’ணை விட மனமில்லை. பட்டியலில் ஒரு கட்டளையாக வரும்போது ‘உரையெண்ணை எண்ணாக்கு’ என்று சுருக்கமாக எழுத முடிகிறது. ‘பென்சில் எண்’ அழகுதான். பென்சிலைப் பார்த்தே இராத பிள்ளைகள் வந்துவிட்டால் என்ன செய்வது?

அனுப்பியவர்: பழைய கிராணி

பென்சில் பார்க்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று சொல்லுங்கள், தம்பி, வாங்கி அனுப்புகிறேன்.

அனுப்பியவர்: செம்பனைக் குழுவின் கணக்கர்

இப்போதைக்குக் கையேட்டில் ‘உரையெண்’ என்று எழுதி, கீழே கிராணி ஐயாவின் பென்சிலையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டேன். தாளின் மேலே ‘உரையெண் இருப்பு’ என்று ஒரு கட்டம் வைத்து, தம்பியின் `COUNTA` சூத்திரத்தை அதில் போட்டிருக்கிறேன்.

நேற்று வந்த பட்டியலில் அது 1 என்று காட்டியது. 160 நீக்கியும் `#VALUE!` வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 4060 என்பதில் முதல் சுழியத்துக்குப் பதில் யாரோ ஆங்கில O எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள். ஆலையை அழைத்துச் சீட்டைச் சரிபார்த்த பின்தான் மாற்றினேன். இதுவும் உரையெண்தானா, அல்லது வெறும் தட்டச்சுப் பிழையா? தமிழாசிரியர் ஐயா சொல்லட்டும்.