பெயர் மாறி வேறு நிறுவனத்துக்குப் பணம் போய்விட்டது: ஒப்பந்தம் இல்லாதபோது எப்படித் திரும்பப் பெறுவது?

பேரேடு:
அட்டைப்பெட்டி செய்யும் சிறிய நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஜூன் 4 அன்று காகிதம் தரும் நிறுவனத்துக்கு 4,86,000 அனுப்ப வேண்டியிருந்தது. வங்கித் திரையில் அதே போலத் தொடங்கும் இன்னொரு பெயர் இருந்தது. இரண்டு வருடம் முன்பு எங்களுக்குப் பசை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். கை தவறி அவர்களுக்குப் போய்விட்டது. 19ஆம் தேதி காகிதக்காரர் பணம் கேட்டபோதுதான் தெரிந்தது.

20ஆம் தேதி பசை நிறுவனத்துக்கு போன் செய்தேன். "பார்க்கிறோம்" என்றார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில், "தொகை வந்தது. 38,000 பழைய பாக்கியில் கழித்தோம். மீதி செலவாகிவிட்டது, அடுத்த ஆர்டரில் சரிசெய்யலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். வங்கியோ, பெற்றவர் சம்மதிக்காமல் எடுக்க முடியாது என்கிறது. இப்போது எங்களுக்கும் அவர்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. எதை வைத்துக் கேட்பது? என் வேலையே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

தறிக்காரன்:
ஒப்பந்தம் இல்லையென்றால் சிவில் வழக்கு நிற்காது சார். மோசடி என்று போலீஸில் புகார் கொடுங்கள், பயந்துபோய்த் தந்துவிடுவார்கள்.

கறுப்புக்கோட்டு:
தறிக்காரன், பாதி சரி. வேறு ஒருவருடைய பணம் என்று தெரிந்த பிறகும் பிடித்து வைத்துக்கொள்வது சில சட்டங்களில் குற்றமாகலாம். ஆனால் மோசடி என்றால் முதலிலேயே ஏமாற்றியிருக்க வேண்டும். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றிப் பணம் வாங்கவில்லை, இவர்களே அனுப்பியிருக்கிறார்கள். புகார் கொடுத்தால் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். அதற்குள் ஒரு மாதம் போய்விடும்.

ஒப்பந்தம் இல்லை என்பது இங்கே தடையே இல்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்துக்காகத்தான் இந்தச் சட்டம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 72 சொல்வது இவ்வளவுதான்: தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். அவர் ஒத்துக்கொண்டாரா, வாக்குக் கொடுத்தாரா என்ற கேள்வியே எழாது. கைக்கு வந்ததாலேயே வருகிற பொறுப்பு அது. குவாசி கான்ட்ராக்ட் என்று சொல்வது இதைத்தான்.

நிழல்மரம்:
மலேசியாவிலும் இதே வாசகம்தான். அங்கே 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73.

பேரேடு:
நன்றி. ஆனால் தவறு முழுக்க என்னுடையது. கணக்கு எண்ணை ஒரு தரம் சரிபார்த்திருந்தால் நடந்திருக்காது. கவனக்குறைவாக அனுப்பினோம் என்று சொல்லியே அவர்கள் தப்பிக்க முடியாதா?

கறுப்புக்கோட்டு:
முடியாது. 1841இல் இங்கிலாந்தில் கெல்லி எதிர் சொலாரி என்று ஒரு வழக்கு. பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசிக்கு ஒரு காப்பீட்டு நிறுவனம், இறந்தவரின் மனைவிக்குப் பணம் கொடுத்துவிட்டது. பாலிசி காலாவதி என்பது இயக்குநர்களுக்கு முன்பே தெரியும், பணம் கொடுக்கும்போது மறந்துவிட்டார்கள். உண்மையாகவே மறந்து கொடுத்திருந்தால், எவ்வளவு கவனக்குறைவாக இருந்தாலும் திரும்பக் கேட்கலாம் என்றது நீதிமன்றம்.

கேட்க முடியாமல் போவது வேறு இடத்தில். தர வேண்டியதில்லை என்று தெரிந்தே, "பரவாயில்லை, போகட்டும்" என்று கொடுத்திருந்தால் அது தவறுதலாகக் கொடுத்தது ஆகாது. உங்களுடையது அப்படி இல்லை. அதைக் காட்ட ஆவணம் வேண்டும். பணம் அனுப்பும்போது குறிப்பில் ஏதாவது எழுதினீர்களா?

பேரேடு:
ஆமாம். காகிதக்காரரின் பில் எண்ணும் "கிராஃப்ட் பேப்பர், மே" என்பதும் இருக்கிறது.

கறுப்புக்கோட்டு:
அந்த ஒரு வரிதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். காகிதக்காரர் பில், ஜூன் 4 வங்கி அறிக்கை, பணம் அனுப்ப அனுமதி கொடுத்த உங்கள் உள் மின்னஞ்சல் மூன்றையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். தொகை ஒன்று, பில் எண் ஒன்று, போன இடம் மட்டும் வேறு. இதைப் பார்த்த பிறகு தவறு இல்லை என்று வாதாடுவது கடினம்.

38,000 பாக்கிக்கும் அந்த வரி முக்கியம். கடன்காரர் எதற்கு என்று சொல்லாமல் பணம் கட்டினால், சூழ்நிலையிலிருந்தும் அது தெரியவில்லை என்றால், பெற்றவர் தனக்கு உண்மையில் வரவேண்டிய எந்தக் கடனிலும் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 60. வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துபோன கடனில்கூட. பலருக்கு இது தெரியாது, குறிப்பு எழுதாமலே அனுப்பிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் இன்னொருவரின் பில் எண்ணை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அவர்களாக எடுத்துக் கழித்தது சரியல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

உளி:
எனக்கும் இதே பிரச்சினை. ஒரு கம்பெனிக்கு ஆர்டர் தாள் இல்லாமலே கூடுதலாகப் பதினைந்து கதவு செய்து மாட்டினேன். ஒப்பந்தத்தில் இல்லை என்று பணம் தர மறுக்கிறார்கள். பிரிவு 72இல் கேட்கலாமா?

கறுப்புக்கோட்டு:
உளி, உங்களுடையது வேறு விஷயம். நீங்கள் தவறுதலாகப் பணம் கொடுக்கவில்லை, வேலை செய்து கொடுத்திருக்கிறீர்கள். பிரிவு 70 பாருங்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்து, அவர்களும் அதன் பலனை ஏற்று அனுபவித்தால் ஈடு கேட்கலாம். முறையான ஒப்பந்தம் இல்லாமல் அரசுக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவருக்கு 1961இல் உச்ச நீதிமன்றம், மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் வழக்கில், இந்த வழியில்தான் பணம் கிடைக்கச் செய்தது. கதவுகளை யார் மாட்டச் சொன்னது, வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா என்பதோடு தனியாக ஒரு கேள்வி போடுங்கள். இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும்.

தறிக்காரன்:
சரி, ஏற்கிறேன். ஆனால் "செலவாகிவிட்டது" என்கிறார்களே. செலவழித்தவரிடம் போய் எப்படிப் பிடுங்குவது? அதுவும் ஒரு தற்காப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கறுப்புக்கோட்டு:
தற்காப்புதான். ஆனால் எல்லாச் செலவுக்கும் அது பொருந்தாது. இங்கிலாந்தில் 1991இல் லிப்கின் கோர்மன் வழக்கில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக ஏற்றது. பணம் தன்னுடையது என்று நம்பி, அதனாலேயே நிலைமையை மாற்றிக்கொண்டவரிடம் முழுதாகத் திரும்பக் கேட்பது நியாயமில்லை. அதே சமயம், எப்படியும் செய்திருக்க வேண்டிய அன்றாடச் செலவைச் செய்தேன் என்பது போதாது.

பேரேடு, அவர்கள் எதில் எப்போது செலவழித்தார்கள் என்று தெரியுமா?

பேரேடு:
அங்கே கணக்குப் பார்ப்பவர் பழைய பழக்கத்தில் சொன்னார். 7ஆம் தேதி 2,10,000 சம்பளம். 26ஆம் தேதி புதுக் கலவை இயந்திரத்துக்கு 1,50,000 முன்பணம். மீதி அங்கேயேதான் இருக்கிறதாம்.

கறுப்புக்கோட்டு:
அப்படியானால் பாருங்கள். 7ஆம் தேதி சம்பளம் உங்கள் பணம் வராமல் இருந்தாலும் அவர்கள் கொடுத்தே ஆக வேண்டியது. உங்கள் பணம் அதில் போனதால் அவர்களுடைய சொந்தப் பணம் அந்த அளவுக்கு மிச்சம். ஆகவே அது தற்காப்பாகாது. 26ஆம் தேதி முன்பணம் இன்னும் மோசம். 20ஆம் தேதி நீங்கள் போன் செய்து, 21ஆம் தேதி அவர்களே பதில் எழுதிய பிறகு நடந்தது. தெரிந்த பிறகு செலவழித்தவர் நம்பிச் செலவழித்தேன் என்று சொல்ல முடியாது. 20ஆம் தேதிக்கு முன்னால், "எதிர்பாராமல் பணம் வந்திருக்கிறது" என்று ஊழியர்களுக்கு வழக்கத்துக்கு மேல் போனஸ் கொடுத்திருந்தால், அந்தப் பகுதிக்கு வாதம் இருந்திருக்கும். இவர்கள் அப்படியும் செய்யவில்லை. இந்த அளவு பில் எதுவும் பாக்கியில்லாத நிறுவனத்துக்கு, இது தன் பணம் என்று நம்பினேன் என்பதும் எளிதல்ல.

அதனால் இப்போதே எழுத்தில் போக வேண்டும். போன் பேச்சை யாரும் மறுக்கலாம். இன்றே மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். தொகை, தேதி, பரிமாற்ற எண், உண்மையில் யாருக்குப் போக வேண்டியது, 20ஆம் தேதி பேசியது, 21ஆம் தேதி அவர்கள் எழுதியது எல்லாம் இருக்கட்டும். ஏழு நாளில் திருப்பித் தரக் கேளுங்கள். தராவிட்டால் இந்தத் தேதியிலிருந்து வட்டி கேட்போம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதிக் கேட்காத நாட்களுக்கு வட்டி பெறுவது சிரமம். திட்ட வேண்டாம். சம்பளம், இயந்திரம் பற்றித் தெரியும் என்றும் காட்ட வேண்டாம், சொன்னவர் மாட்டிக்கொள்வார்.

நிழல்மரம்:
இன்னொன்று. "அடுத்த ஆர்டரில் சரிசெய்யலாம்" என்பதற்கு சரி சொல்லிவிடாதீர்கள். அந்தத் தொகைக்கு அவர்கள் பில் போட்டு அனுப்பினாலும் ஏற்காதீர்கள். ஒத்துக்கொண்டால் அது முன்பணமாகிவிடும், ஒரு புது ஒப்பந்தம் உருவாகிவிடும். அப்புறம் சரக்கு சரியில்லை, தாமதம் என்று வேறு சண்டையாக மாறும். நான் அப்படித்தான் ஒருமுறை ஒன்றரை வருடம் இழுபட்டேன். உங்கள் பேரேட்டிலும் அதைக் கொள்முதலாக எழுத வேண்டாம், திரும்ப வரவேண்டிய தொகை என்றே இருக்கட்டும்.

பேரேடு:
காகிதக்காரர் காத்திருப்பாரா? ஒரு தரம் பணம் போய்விட்டதே என்று முதலாளி யோசிக்கிறார்.

கறுப்புக்கோட்டு:
அவருக்கு நீங்கள் பணமே கொடுக்கவில்லை. வேறொருவருக்குப் போனது அவர் கடனைத் தீர்க்காது. அவர் ஒப்பந்தப்படி வட்டி கேட்டால் அது உங்கள் தலையில் விழும். பேசித் தவணையாவது வாங்குங்கள்.

காலக்கெடு இந்தியாவில் பொதுவாக மூன்று வருடம். தவறு தெரிந்த நாள் அல்லது நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள், இதில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்கு அவசரமில்லை. ஆனால் மாதாமாதம் வங்கி அறிக்கையைச் சரிபார்க்காத நிறுவனங்களுக்கு அந்த இரண்டாவது நாள்தான் ஆபத்து.

பேரேடு:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கடிதம் போன ஐந்தாம் நாள் அவர்கள் முதலாளியே பேசினார். 4,48,000 இரண்டு தவணையில் வந்துவிட்டது. வட்டி கேட்கவில்லை. 38,000 மட்டும் நிற்கிறது. இரண்டு வருடம் முன்பு திருப்பி அனுப்பிய பசைப் பீப்பாய்களுக்கு எங்கள் கணக்கில் வரவு வைக்கவில்லை, அந்தத் தொகை பாக்கிதான் என்கிறார். எங்கள் பதிவில் திருப்பியதற்கான சீட்டு இருக்கிறது, அவர்கள் பதிவில் பெற்றதற்கான கையெழுத்து இல்லை.

தறிக்காரன்:
விட்டுவிடலாமே, பெரிய தொகை வந்துவிட்டதே.

கறுப்புக்கோட்டு:
அதை முதலாளி முடிவு செய்யட்டும். சட்டப்படி 38,000-ஐ அவர்கள் பிடித்துவைத்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாக்கி உண்மையானால், வழக்கில் அவர்கள் எதிர்க்கோரிக்கை வைப்பார்கள். அந்தச் சீட்டில் ஓட்டுநர் கையெழுத்தாவது இருக்கிறதா?

பேரேடு:
வண்டி எண் இருக்கிறது. கையெழுத்து மங்கலாக இருக்கிறது. அந்த வண்டிக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.