கனமான கருவுக்கு அடர்த்தி குறைகிறதே, விரிதாளில் எங்கே பிழை?

கதிர்
எல்லா அணுக்கருக்களுக்கும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி என்று படித்தேன். என் விரிதாளில் அப்படி வரவில்லை. A2 கட்டத்தில் நிறை எண் இருக்கிறது. ஆரத்தை ஃபெர்மியில் இப்படிக் கணக்கிடுகிறேன்:

```
=1.2*A2^1/3
```

நிறையைக் கோளத்தின் கன அளவால் வகுத்தால், கன மீட்டருக்கு அலுமினியம்-27 கரு 8.5 × 10^15 கிலோ, தங்கம்-197 கரு 1.6 × 10^14 கிலோ. தங்கம் 53 மடங்கு தளர்ந்துபோகிறது!

மாறன்
தலைகீழாக வகுத்திருப்பீர்கள். தங்கம் அலுமினியத்தைவிட 7 மடங்கு அடர்ந்த உலோகம். கருவிலும் அதே விகிதம்தான் வர வேண்டும்.

முல்லை
வகுத்தலில் குறையில்லை, கதிர். அந்த 53-ஐப் பாருங்கள்: 197/27-இன் வர்க்கம் அது. ஆரம் நிறை எண்ணுக்கு நேர்விகிதத்தில் வளர்ந்தால்தான் அப்படி வரும். விரிதாள் முதலில் அடுக்கை முடித்துவிட்டு, பிறகு 3-ஆல் வகுக்கிறது. 27-இன் கனமூலம் 3, ஆகவே ஆரம் 3.6 வர வேண்டும். உங்களுக்கு 10.8 வந்திருக்கும்.

```
=1.2*A2^(1/3)
```

இப்போது இரண்டுக்கும் 2.3 × 10^17 கிடைக்கும். ஒரு கன மில்லிமீட்டரிலேயே 2.3 லட்சம் டன்!

மாறன், தங்க அணுவும் அலுமினிய அணுவும் கிட்டத்தட்ட ஒரே பருமன். அதனால்தான் நிறையின் விகிதம் அப்படியே உலோகத்தின் அடர்த்தியில் தெரிகிறது. கரு அப்படியல்ல; நிறை கூடக்கூடக் கன அளவும் கூடுகிறது. தங்கக் கருவின் ஆரம் 7 ஃபெர்மி, அணுவின் ஆரம் அதைப்போல் சுமார் 20,000 மடங்கு. 20,000-இன் கனம் 8 × 10^12. கரு உலோகத்தைவிட 10^13 மடங்கு அடர்ந்திருப்பதன் கணக்கு ஏறத்தாழ இதில் முடிந்துவிடுகிறது.

செழியன்
எனக்கும் ஒரு குழப்பம். எலக்ட்ரான் சிதறல் அட்டவணையில் ஈயம்-208-க்கு 5.50 ஃபெர்மி. சூத்திரம் 7.1 தருகிறது. சூத்திரமே தவறோ?

முல்லை
அட்டவணையில் இருப்பது வர்க்கச் சராசரி மூல ஆரம். சீரான கோளமாகக் கொண்டால் அதை 1.29-ஆல் பெருக்க வேண்டும். 7.1 வந்துவிடும்.

கதிர்
அடைப்புக்குறி போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் அலுமினியத்துக்கு அட்டவணை மதிப்பு 3.06. உங்கள் வழியில் 3.95 ஆகிறது, 3.6 அல்ல. அடர்த்தியில் கால்பங்கு குறைகிறதே?

முல்லை
கருவுக்குக் கூரான விளிம்பு கிடையாது. ஓரத்தில் 2 ஃபெர்மிக்கு மேல் தடிமனில் அடர்த்தி படிப்படியாக விழுகிறது. அலுமினியம் போன்ற சிறிய கருவில் பெரும்பகுதி ஓரம்தான். 1.2 என்ற எண்ணைக் கனமான கருக்களுக்கு நம்பலாம், இலேசானவற்றுக்குத் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செழியன்
எலக்ட்ரானுக்குப் புரோட்டான்களின் பரவல்தானே பெரும்பாலும் தெரியும்? ஈயத்தில் நியூட்ரான்கள் எதுவரை நீள்கின்றன?

முல்லை
புரோட்டான்களைத் தாண்டிச் சற்று வெளியே. எவ்வளவு தூரம் என்பதில் வெவ்வேறு அளவீடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.