ரோல்பேக் செய்தால் இன்னொரு டிரான்சாக்‌ஷன் எழுதியதும் அழிகிறது

பயிற்சிக்காக ஒரு சின்ன டேட்டாபேஸ் எழுதுகிறேன். எழுதும் முன் பழைய மதிப்பை லாக்கில் வைத்து, ரோல்பேக்கில் அதையே திருப்பிப் போடுகிறேன். சிக்கல் இந்த வரிசையில். தொடக்கத்தில் A=100.

```
w1(A=150) w2(A=200) a1
```

T1-இன் பழைய மதிப்பு 100 திரும்புகிறது, T2 எழுதிய 200 போயே போச்சு. அப்புறம் T2-வும் அபார்ட் ஆனால் A=150, அதாவது ரத்தான T1-இன் மதிப்பு!

முதலில் கமிட் வரிசையைக் கட்டாயமாக்கி ரெக்கவரபிள் ஆக்கினேன்; தொடர் ரோல்பேக் நிற்கவில்லை. கமிட் ஆகாததைப் படிக்கவும் தடை போட்டேன், கேஸ்கேட்லெஸ் ஆனது. ஆனால் மேலே உள்ள வரிசையில் யாருமே படிக்கவில்லையே, அந்தத் தடை எதைப் பிடிக்கும்?

ஸ்ட்ரிக்ட் ஆக்க, எழுதும் பூட்டை மட்டும் கமிட் அல்லது அபார்ட் வரை வைத்திருந்தால் போதுமா, படிக்கும் பூட்டையும் வைத்திருக்க வேண்டுமா?