லேத் மெஷின் தேய்மானம்: முதல் வருடத்தில் ஒரு சந்தேகம்

நண்பர்களே, பட்டறைக்கு 2024 டிசம்பர் 1-ல் லேத் வாங்கி அன்றே ஓட்டிவிட்டோம். பில்லில் மெஷின் 4,00,000, லாரி வாடகையும் பொருத்துகூலியும் 20,000, மேலே ஜிஎஸ்டி. வரியை உள்ளீட்டு வரவில் எடுத்துவிட்டதால் அடக்கம் 4,20,000.

வருமான வரிக்குக் குறையும் மதிப்பு முறை, 15 சதவீதம். மார்ச்சுக்குள் 180 நாள் ஆகாததால் முதல் வருடம் பாதிதான்: 31,500 போக 3,88,500. அடுத்த வருடம் அதில் 58,275 கழித்தால் 3,30,225. இதுவரை சரி.

எங்கள் புத்தகத்தில் நேர்கோட்டு முறை. அதுதான் இடிக்கிறது. பத்து வருடம், கடைசியில் பழைய இரும்பு விலை 20,000. ஆக வருடத்துக்கு 40,000. இங்கேயும் பாதி போட்டு 20,000 எழுதினேன். நாலு மாதத்துக்கு 13,333 தானே என்கிறான் தம்பி. அப்படியென்றால் மிச்ச எட்டு மாதம் பதினோராவது வருடத்தில் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.