ஒரே தசைக்கு இரண்டு நரம்பு: அட்டவணையில் எப்படி எழுதுவது?

வணக்கம். பாம்பன் என் ஊர். மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். டிசெக்‌ஷன் வகுப்புக் குறிப்புகளிலிருந்து முன்கைத் தசைகளுக்குத் தொடக்கம், இணைப்பு, நரம்பு, செயல் என்று அட்டவணை போடுகிறேன். ஃபிளெக்சார் டிஜிடோரம் புரோஃபண்டஸில் நின்றுவிட்டேன்.

தொடக்கம் அல்னா எலும்பின் முன்புறமும் உட்புறமும்; இணைப்பு நான்கு விரல்களின் நுனி எலும்பில். இதுவரை தெளிவு. நரம்புக் கட்டத்தில் மட்டும் என் குறிப்பு "மீடியன்" என்கிறது. நாங்கள் அறுத்த கையில் அல்னார் நரம்பின் கிளை முன்பே அறுபட்டிருந்தது. கண்ணில் பட்டதை மட்டும் எழுதியிருக்கிறேன். உண்மையில் ஆள்காட்டி, நடுவிரல் பக்கத்துக்கு மீடியனின் முன் இன்டராசியஸ் கிளையும், மோதிர, சுண்டுவிரல் பக்கத்துக்கு அல்னாரும் வருகின்றன.

செயலை என் சித்தப்பாவின் கையில்தான் புரிந்துகொண்டேன். மீன் அறுக்கும்போது மோதிரவிரலின் நடுக்கணுவில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. இன்றும் அவருக்கு நடு மூட்டு மடங்குகிறது, நுனி மட்டும் நேராகவே நிற்கிறது. நடு மூட்டை மடக்கும் சூப்பர்ஃபிஷியாலிஸ் தப்பியது, நுனிக்குப் போகும் புரோஃபண்டஸ் நாண் அறுந்தது. சுண்டுவிரல் நுனி நன்றாக மடங்குவதால் அல்னார் நரம்பில் குறையில்லை என்று நினைக்கிறேன். சரிதானா?

மூத்தவர்களே, இந்தத் தசையை ஒரே வரியில் எழுதுவதா, நரம்புவாரியாக இரண்டாகப் பிரிப்பதா? லம்பிரிக்கல்களுக்கும் இதே சிக்கல். தேர்வில் எது படிக்க எளிதாக இருந்தது என்று உங்கள் அட்டவணையின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.